கோபத்தைக் கையாளப் பதின்ம வயதினருக்குக் கற்றுக்கொடுப்பது: பத்து வாரக் குழுவை நடத்தும் வழி

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில், இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காகக் கோபக் கட்டுப்பாட்டுக் குழு ஒன்றை நடத்துகிறேன். நான் டியூஷன் டீச்சர், உளவியல் படித்தவள் இல்லை. முதல் முறை நடத்தியபோது பள்ளியில் சண்டை போட்டுத் தண்டனை வாங்கிய பதினோரு பையன்களை ஒரே அறையில் உட்கார வைத்தேன். கோபம் உடம்புக்குக் கெடுதல் என்று பேசினேன், தலையணையைக் குத்தச் சொன்னேன். நான்காவது வாரத்தில் யார் பெரிய சண்டை போட்டது என்று அவர்களுக்குள் போட்டி வந்துவிட்டது. குழுவை அத்தோடு நிறுத்தினேன்.

அப்புறம் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவர் எனக்கு, எண்ணத்தைக் கவனித்து நடத்தையை மாற்றும் சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் குறிப்புகளைப் பார்த்துத் திருத்துகிறார். நான் நடத்தும் வகுப்புக்கு அடித்தளம் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் நோவாக்கோ 1975-இல் வகுத்த திட்டம். முதலில் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அடுத்து திறன்களைக் கற்க வேண்டும், கடைசியில் சீண்டலுக்கு நடுவே அதே திறன்களைப் பழக வேண்டும் என்பது அதன் வரிசை. நான் பட்ட சிரமம் நீங்கள் படக் கூடாது என்பதால், இப்போது செய்வதை அப்படியே எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு பையனையே கடைசிவரை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய் பழகும் புகுமுக வகுப்பு முடித்து, மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டில் இருந்தவன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே அவனைத் தம்பி என்றே சொல்கிறேன்.

1. ஆரம்பிக்கும் முன்: தாள், செலவு, நாள்

நீங்கள் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லையென்றால் உங்கள் குழுவுக்கு ‘கவுன்சலிங்’ என்று பெயர் வைக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி (சட்டம் 580) பதிவும் தொழில் நடத்தும் சான்றிதழும் உள்ளவர்தான் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளலாம். ‘கோபத்தைக் கையாளும் வகுப்பு’ என்றே நான் எழுதுகிறேன். மேற்பார்வை செய்ய ஒரு ஆலோசகர் கிடைக்கும்வரை தொடங்க வேண்டாம்.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை ஒரே பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் அச்சடியுங்கள். பிள்ளையின் பெயர், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள், சாப்பிடும் மருந்து, வீட்டுக்கு யார் அழைத்துப் போவார் என்ற நான்கு விவரம் போதும். அதற்குக் கீழே இரண்டு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, ‘பிள்ளை எழுதும் குறிப்பேட்டை வீட்டில் யாரும் வாசிக்க மாட்டோம்’. இன்னொன்று, ‘பிள்ளைக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் டீச்சர் எங்களிடமோ அதிகாரிகளிடமோ சொல்வார்’. முதல் வாக்கியத்தை நான் ஒருமுறை சேர்க்கவில்லை. ஒரு அம்மா குறிப்பேட்டை எடுத்து, ‘பாரு, நீயே எழுதியிருக்க’ என்று மகனைத் திட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவன் ஒரு வரிகூட உண்மையாக எழுதவில்லை.

நான்கிலிருந்து ஆறு பேர் போதும், பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். எல்லோரும் சண்டைக்காரர்களாக இருந்தால் என் முதல் குழுவுக்கு நடந்ததுதான் நடக்கும். ஒருவன் அடித்த கதைக்கு மற்றவர்கள் சிரிக்கும் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடுகிறது. கோபத்தை உள்ளே அடக்கி வைப்பவர்கள், வீட்டில் மட்டும் கத்துபவர்கள் என்று கலந்து சேருங்கள்.

வாரம் ஒரு நாள், 75 நிமிடம், பத்து வாரம். பரீட்சை வாரமும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் இடையில் வராதபடி தேதி குறியுங்கள். தொடர்ச்சி ஒருமுறை விட்டுப்போனால் குறிப்பு எழுதும் பழக்கமும் போய்விடும். மண்டபம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. ஆறு பேருக்கு நகல் எடுக்க 30 ரிங்கிட், சின்ன நோட்டுப் புத்தகங்களுக்கு 15, வாரம் 25 என்று கறிப்பாப்பும் தண்ணீரும் வாங்க 250. பத்து வாரத்துக்கு மொத்தம் 295 ரிங்கிட். சாப்பாட்டுச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். பள்ளி முடிந்து பசியோடு வரும் பையனிடம் கோபத்தைப் பற்றிப் பேச முடியாது.

2. வாரம் 1, 2: எழுதுவது மட்டும்

இந்த இரண்டு வாரத்தில் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள், அறிவுரையும் வேண்டாம். கோபம் வந்தால் அன்று இரவுக்குள் குறிப்பேட்டில் ஆறு வரி எழுத வேண்டும்: எங்கே யாரோடு இருந்தேன், என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது, மனசுக்குள் என்ன வாக்கியம் ஓடியது, என்ன செய்தேன், அப்புறம் என்ன ஆனது. ஓரத்தில், கோபம் எவ்வளவு என்று 0-லிருந்து 10-க்குள் ஒரு எண்.

இரண்டாவது வரிக்கு ஒரு விதி உண்டு. கேமரா பிடிக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். ‘அவன் என்னைக் கேலி செய்தான்’ என்பதைக் கேமரா பிடிக்காது. ‘பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்’ என்பதைப் பிடிக்கும். இந்த ஒரு விதியைப் பழக்க ஒரு முழு வகுப்பும் போய்விடும், போகட்டும். பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

தம்பியின் முதல் குறிப்பு இது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன். ‘சிக்கு’ என்றால் மலாயில் ஆசிரியர்.

‘வகுப்பில். மலாய் பாடம். நான் எழுந்து வாசிச்சேன். ஒரு சொல் தப்பு, சிக்கு திருத்தினாங்க. பின்னாடி ரெண்டு பேர் சிரிச்சாங்க. காது சூடு. மனசுல ஒண்ணும் ஓடல. மேசைய தள்ளினேன், முன்னாடி உள்ளவன் முதுகுல பட்டுச்சு. கட்டொழுங்கு ஆசிரியர்கிட்ட போனேன். 9.’

‘மனசுல ஒண்ணும் ஓடல’ என்பது எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுதான். முதல் இரண்டு வாரம் அதை அப்படியே விடுங்கள். ‘யோசிச்சுப் பாரு’ என்று வற்புறுத்தினால் உங்களுக்குப் பிடித்த மாதிரி எதையாவது எழுதித் தந்துவிடுவார்கள். வீட்டில் எழுதாமல் வருபவனைக் கண்டிக்கவும் வேண்டாம். வந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எழுதட்டும்.

3. வாரம் 3: உடம்பு

எண்ணத்தைப் பிடிப்பதற்கு முன் உடம்பைப் பிடிக்க வேண்டும். அறிகுறி ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. தம்பிக்குக் காது சூடு, இன்னொருவனுக்குத் தாடை இறுக்கம், ஒரு பெண்ணுக்குக் குரல் நடுக்கம். இது 9-இல் தெரிந்து பயனில்லை, 4-இல் தெரிய வேண்டும். அதனால் ‘காது சூடாவதற்கு முன்னால் என்ன?’ என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போங்கள். மூன்று முறை கேட்ட பிறகுதான் தம்பி, புத்தகத்தைப் பிடித்திருக்கும் கட்டை விரல் வெளுத்துப்போகும் என்று சொன்னான். அதுதான் அவனுக்கு 4.

அந்த 4-இல் செய்ய ஒரே ஒரு மூச்சுப் பயிற்சி. நான்கு எண்ணி உள்ளே இழுக்க வேண்டும், ஆறு எண்ணி வெளியே விட வேண்டும், மூன்று முறை. வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். நெஞ்சு தூக்காமல், தோள் அசையாமல், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் செய்யப் பழக்குங்கள். பார்ப்பவர்களுக்குத் தெரிந்தால் எந்தப் பையனும் வகுப்பில் செய்ய மாட்டான். அமைதியாக இருக்கும்போது தினமும் இரண்டு முறை பழகியிருந்தால்தான் கோபத்தில் கைகொடுக்கும்.

தலையணை குத்தும் யோசனையை விட்டுவிடுங்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடும் ஆத்திரத்தோடும் நடந்துகொண்டார்கள். அதைப் படித்தபோதுதான் என் முதல் குழுவில் நானே எதற்குப் பயிற்சி கொடுத்தேன் என்று புரிந்தது.

4. வாரம் 4, 5: நடுவில் இருக்கும் வாக்கியம்

சிரிப்புக்கும் மேசையைத் தள்ளியதற்கும் நடுவே ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த முறையின் உயிர். நேரடியாகக் கேட்டால் வராது, காட்சியை மெதுவாக ஓட்டினால் வரும். நான் தம்பியை எழுந்து நிற்கச் சொன்னேன். கையில் அதே மலாய்ப் புத்தகம். அந்தச் சொல்வரை வாசிக்க வைத்து, அங்கேயே நிறுத்தினேன்.

“இப்ப சிரிப்புச் சத்தம் கேக்குது. திரும்பிப் பாக்குற. யார் மூஞ்சி தெரியுது?”

“ரெண்டு பேரு, டீச்சர்.”

“அவனுங்க மூஞ்சி உன்கிட்ட என்ன சொல்லுது?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “‘இவனுக்கு ஒண்ணும் தெரியாது, தமிழ்ஸ்கூல் பையன்’னு.”

அந்த வாக்கியத்தை அவன் சொன்னபடியே பலகையில் எழுதினேன். நல்ல தமிழுக்கு மாற்றக் கூடாது. மாற்றினால் அது அவனுடைய எண்ணமாக இருக்காது.

அடுத்து மூன்று காரணம். அவர்கள் சிரித்ததற்கு வேறு என்னவெல்லாம் காரணம் இருக்கலாம் என்று குழு முழுவதும் சொல்ல வேண்டும். ஒருவன் ‘அந்தத் தப்பான சொல்லுக்கு வேற அர்த்தம் இருக்கும்’ என்றான். இன்னொருவன் ‘போனில் எதையோ பார்த்திருப்பாங்க’ என்றான். அமைதியான ஒரு பெண், ‘அவங்களும் வாசிக்கப் பயந்திருப்பாங்க, நீ தப்பு பண்ணினதுல நிம்மதி’ என்றாள். தம்பி முதலில் தன் வாக்கியத்துக்கு 100 சதவீதம் போட்டிருந்தான். மற்ற மூன்றுக்கும் பங்கு கொடுக்கச் சொன்ன பிறகு தன்னுடையதை 60-ஆகக் குறைத்தான். 60 போதும், பூஜ்யம் ஆக வேண்டிய அவசியம் இல்லை. நிச்சயம் கொஞ்சம் ஆடினாலே கை மேசைக்குப் போக நேரம் எடுக்கும்.

புதிதாக நடத்துபவர்கள் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. ‘அவங்க உன் நண்பர்கள்தானே, நல்லதா நினை’ என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். அழகான எண்ணத்தைத் தேடாதீர்கள், நம்பக்கூடிய எண்ணத்தைத் தேடுங்கள். இன்னொரு குழியும் உண்டு. சில நேரம் அவன் வாக்கியமே உண்மையாக இருக்கும். தினமும் ஒரே இருவர் ஒரே பையனை நோக்கி அதையே செய்கிறார்கள் என்றால் அது பகடிவதை. அதைப் பொறுத்துக்கொள்ள அவனுக்குப் பயிற்சி கொடுப்பது தவறு. கேமரா வரிகளைத் தேதியோடு எடுத்துக்கொண்டு, பெற்றோருடன் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் போக வேண்டும். தம்பி விஷயத்தில் ஐந்து வாரக் குறிப்புகளைப் பார்த்தோம். அந்த இருவரும் வாசிக்கும் எல்லோரையும் பார்த்துச் சிரித்திருந்தார்கள். அதைத் தன் கையெழுத்திலேயே பார்த்த அன்றுதான் 60, 30 ஆனது.

கடைசியாக, 4-இல் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு சின்ன வாக்கியம். அதை நீங்கள் எழுதித் தராதீர்கள். தம்பி தேர்ந்தெடுத்தது: ‘விடு லா, வாசிச்சு முடி.’

5. வாரம் 6: எந்த மொழியில் கோபம் வருகிறதோ, அந்த மொழியில் பதில்

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குழு ஆனது. எங்கள் வகுப்பு தமிழில் நடக்கிறது. பிள்ளைகள் மண்டபத்தில் அழகாகப் பேசுவார்கள். ஆனால் பள்ளியில் சீண்டல் மலாயில் வருகிறது. அந்த நொடியில் மலாயில் சொல் கிடைக்காததால்தான் கை போகிறது. தமிழில் பழகிய பதில் அங்கே வாய்க்கு வருவதே இல்லை.

அதனால் இந்த வாரம் ஒவ்வொருவருக்கும் இரண்டு மலாய் வாக்கியம். தம்பிக்கு, ஆசிரியரிடம் சொல்ல: ‘சிக்கு, போலே சாயா உலாங்?’ திரும்ப வாசிக்கலாமா என்பது பொருள். சிரித்தவர்களிடம் சொல்ல: ‘துங்கு, ஆகு பெலும் ஹாபிஸ் பாச்சா.’ இரு, நான் இன்னும் வாசித்து முடிக்கவில்லை. இரண்டிலும் திட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. வாக்கியம் ஏழு சொல்லுக்கு மேல் போகக் கூடாது, மூச்சு முட்டும்போது நீளமான வாக்கியம் வராது. உங்களுக்கு மலாய் சரளமாக வராவிட்டால், பிள்ளைகள் பேசும் மலாயையே பேசும் ஒரு மூத்த மாணவரை அழைத்து வாக்கியத்தைச் சரிபாருங்கள். பாடப்புத்தக மலாயில் பதில் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

6. வாரம் 7 முதல் 9: சீண்டல் பயிற்சி

அமைதியான அறையில் கற்றது சத்தத்தில் நிற்குமா என்று சோதிக்கும் கட்டம் இது. அவசரப்பட்டு முன்கூட்டியே செய்தால் பிள்ளை குழுவை விட்டே போய்விடுவான். விதிகளை முதலில் சொல்லிவிடுங்கள். சீண்டுவது டீச்சர் மட்டும்தான், மற்ற பிள்ளைகள் இல்லை. என்ன சொல்லிச் சீண்டலாம் என்பதைப் பிள்ளையே எழுதிக் கொடுப்பான். அப்பா, அம்மா, சாதி, நிறம் எதுவும் வராது. ‘ஸ்டாப்’ என்றதும் நிற்கும், காரணம் கேட்க மாட்டோம்.

படிகள் இப்படி. முதலில், ‘இப்போ உன்னைச் சீண்டப் போறேன்’ என்று சொல்லிவிட்டு, உணர்ச்சியே இல்லாமல் அந்த வரியை வாசிப்பது. அடுத்து அதே வரியைக் கேலிக் குரலில். அடுத்து அவன் மலாய்ப் புத்தகம் வாசிக்கும்போது சிரிப்பு மட்டும். கடைசிப் படியில், அந்த வாரம் ஏதோ ஒரு நேரத்தில் வரும் என்று மட்டும் சொல்லி, எப்போது என்று சொல்லாமல். ஒரு படியில் இரண்டு முறை தொடர்ந்து 4-க்கு மேல் போகாமல் இருந்தால் அடுத்த படி. 7-ஐத் தொட்டால் ஒரு படி கீழே.

எட்டாவது வாரம் தம்பி வாசித்துக்கொண்டிருந்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். கட்டை விரல் வெளுத்தது. வாசிப்பு நின்றது. தோள் அசையவில்லை, ஆனால் மூக்கு நுனி மெதுவாக விரிந்து அடங்குவது தெரிந்தது, மூன்று முறை. அப்புறம் ‘சிக்கு, போலே சாயா உலாங்?’ என்றான். என்ன எண் என்று கேட்டேன். ‘அஞ்சு, டீச்சர். ஆனா எறங்கிருச்சு.’

உடனே பாராட்டிவிட்டு நகராதீர்கள். ‘எந்த இடத்தில் ஏறியது, எது இறக்கியது?’ என்று அவனையே சொல்ல வையுங்கள். மூச்சா, வாக்கியமா என்று தெரிந்தால்தான் பள்ளியில் அதைத் தேடி எடுப்பான். தம்பிக்கு மூச்சு பாதிதான் உதவியது, வாக்கியம்தான் இறக்கியது. ஒரு பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடமாவது சாதாரணமாக இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏறிய நிலையில் யாரையும் வாசல் தாண்ட விடாதீர்கள்.

7. எப்போது குழு போதாது

கத்தி, கட்டை எதையாவது பையில் வைத்திருந்தால், தன்னைத் தானே காயப்படுத்தினால், சாக வேண்டும் என்று எழுதினால், வாரக்கணக்கில் தூங்காமல் எல்லாவற்றிலும் எரிச்சலோடு இருந்தால் குழுவில் வைத்துக்கொண்டு தாமதிக்காதீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் சோகமாகத் தெரியாது, எரிச்சலாகத்தான் தெரியும். மேற்பார்வை செய்யும் ஆலோசகரை அன்றே கூப்பிடுங்கள். பெற்றோருடன் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட், தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.

வீட்டில் அடி விழுகிறது என்று குறிப்பேட்டில் தெரிந்தால் அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999-ஐக் கூப்பிடுங்கள். அடி வாங்கும் பிள்ளையிடம் மூச்சு விடச் சொல்லிக்கொண்டிருப்பது நியாயமே இல்லை.

8. பத்தாவது வாரமும் அதற்கு அடுத்த மாதமும்

குறிப்புகளின் எண்ணிக்கையை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். நான்காவது வாரத்தில் எண்ணிக்கை கூடும், ஏனென்றால் சின்னக் கோபங்களும் அவர்கள் கண்ணில் படத் தொடங்கியிருக்கும். பெற்றோர் பயந்துபோய் ‘வகுப்புக்கு வந்து மோசமாயிட்டான்’ என்பார்கள். இதை முதல் வாரமே சொல்லி வையுங்கள். பார்க்க வேண்டியது இரண்டு: ஓரத்தில் உள்ள எண், ‘என்ன செய்தேன்’ என்ற வரி. தம்பிக்கு முதல் இரண்டு வாரத்தில் ஐந்து குறிப்பு, ஐந்திலும் 8-க்கு மேல், மூன்றில் கை நீட்டியிருந்தான். கடைசி இரண்டு வாரத்தில் ஆறு குறிப்பு. ஒன்று மட்டும் 8, மற்றவை 5-க்குக் கீழே. கை நீட்டவில்லை. அந்த 8 வீட்டில், அண்ணனோடு. வீட்டுக்கு இந்த மலாய் வாக்கியங்கள் உதவாது, அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து எல்லோரையும் ஒருமுறை கூப்பிடுங்கள், குறிப்பேட்டோடு. நான் அப்படிக் கூப்பிட்டபோது தம்பி ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கொண்டுவந்தான். கேண்டீனில் வரிசை தாண்டி வந்தவனோடு தகராறு, எண் 7, தோளில் இடித்துவிட்டான். ஆனால் நான்காவது வரி காலியாக இல்லை. ‘நான் சின்னப் பையன்னு நெனச்சு முன்னாடி போறான்’ என்று எழுதி, பக்கத்திலேயே 70 சதவீதம் போட்டிருந்தான். மிச்சம் முப்பதுக்கு என்ன காரணம் என்று கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசிக்க உட்கார்ந்தான்.